அசோத்தேமியா 38: ஓர் இத்தாலிய ஆய்வக அறிக்கை ஆங்கிலத்துக்குப் போன விதம்

பொலோனியாவில் வசித்த 58 வயதுப் பெண் ஒருவர் மகளோடு சேர்ந்து வாழ பாஸ்டனுக்குப் போகிறார். அங்கே புதிய மருத்துவரைப் பார்க்கும் முன், இத்தாலியில் கடைசியாக எடுத்த இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் முதல் வரைவைத் தயாரித்து, சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியது. இரண்டே பக்கம். முழு வாக்கியம் என்று சொல்லத்தக்கது அதில் மூன்று நான்குதான், மற்றதெல்லாம் பெயர், எண், அலகு, இயல்பான அளவு எதிலிருந்து எதுவரை என்று சொல்லும் குறிப்பு வரம்பு. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இங்கே நீக்கியிருக்கிறேன்.

வரைவு பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. எழுத்துப் பிழை இல்லை, எந்த வரியும் விடுபடவில்லை. ஆனால் அப்படியே போயிருந்தால், இரும்புச் சத்துக் குறைபாடு மட்டும் உள்ள ஒருவரை வயிற்றில் இரத்தக் கசிவு இருப்பவர் என்று சந்தேகிக்க வைத்திருக்கும். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மூல அறிக்கையில் நமக்கு வேண்டிய வரிகள் இவை:

```
                   ESITO     U.M.      VALORI DI RIFERIMENTO
Globuli bianchi    6.840     /mmc      4.000 - 10.000
Emoglobina         11,4 *    g/dL      U: 13,0 - 17,0   D: 12,0 - 16,0
Piastrine          234.000   /mmc      150.000 - 400.000
Azotemia           38        mg/dL     17 - 43
Creatinina         0,92      mg/dL     U: 0,70 - 1,20   D: 0,50 - 0,95
PCR                0,38                fino a 0,50
Ferritina          9 *       ng/mL     U: 30 - 400      D: 13 - 150
TSH                3,12      µUI/mL    0,27 - 4,20
FT4                11,2      pg/mL     9,3 - 17,0
HbA1c              41        mmol/mol  20 - 42
Anti-tTG IgA       0,6       U/mL      Negativo: inf. a 7
                                       Dubbio: 7 - 10
                                       Positivo: sup. a 10
Peso specifico     1.018               1.005 - 1.030
```

வரைவில் இவற்றில் சில இப்படி மாறியிருந்தன:

```
White blood cells  6.840     /mm³      4.000 - 10.000
BUN                38        mg/dL     17 - 43
PCR                0.38      mg/L      < 0.50
FT4                11.2      ng/dL     9.3 - 17.0
```

அசோத்தேமியா என்ற வரி

இத்தாலிய ஆய்வக அறிக்கையில் அசோத்தேமியா என்று வருவது பெரும்பாலும் இரத்தத்தில் உள்ள யூரியாவின் அளவு. அது ஒரு பரிசோதனையின் பெயர், நோயின் பெயர் அல்ல. ஆங்கிலத்தில் அதே சொல் கழிவுப் பொருள் கூடிப்போன நிலையைக் குறிக்கும் என்பதால் அப்படியே எடுத்துப் போட முடியாது. வரைவாளருக்கு அது தெரிந்திருந்தது. அமெரிக்க மருத்துவர்கள் வழக்கமாகப் பார்ப்பது பியுஎன், அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவு, என்பதும் தெரிந்திருந்தது. ஆகவே பெயரை மாற்றினார். எண்ணை மாற்றவில்லை.

யூரியாவின் மூலக்கூற்று எடை 60. அதில் நைட்ரஜனின் பங்கு 28. எனவே யூரியா அளவை 28/60-ஆல், அதாவது 0.467-ஆல், பெருக்கினால் யூரியா நைட்ரஜன் கிடைக்கும். டெசிலிட்டருக்கு 38 மில்லிகிராம் யூரியா என்பது 17.7 மில்லிகிராம் நைட்ரஜன். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வழக்கமான வரம்பு ஏறக்குறைய 7 முதல் 20 வரை. அதற்குள் இது சாதாரணமாக அடங்கும். ஆனால் பியுஎன் 38 என்று எழுதினால் மேல் எல்லையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மருத்துவர்கள் பியுஎன் எண்ணை, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்துத்தான் பார்ப்பார்கள். 38-ஐ 0.92-ஆல் வகுத்தால் 41 வருகிறது. இந்த விகிதம் 30-ஐத் தாண்டினால் உணவுக்குழாய், இரைப்பை போன்ற மேல் பகுதியில் இரத்தக் கசிவு இருக்கலாம் என்பது மருத்துவர்கள் கவனிக்கும் ஓர் அறிகுறி. குடலுக்குள் கசிந்த இரத்தம் செரிக்கப்பட்டு யூரியாவைக் கூட்டும். இதே தாளில் ஹீமோகுளோபின் 11.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இரண்டும் குறைவு. இம்மூன்றையும் ஒரே பக்கத்தில் பார்க்கும் மருத்துவர் எண்டோஸ்கோப்பி பற்றி அவசரமாக யோசித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சரியான விகிதம் 17.7-ஐ 0.92-ஆல் வகுத்தால் வரும் 19. அது இயல்பான அளவுதான். இரும்புக் குறைபாட்டுக்கு என்ன காரணம் என்பதை அவர் தேடத்தான் வேண்டும். ஆனால் இல்லாத ஓர் அறிகுறி அந்தத் தேடலை நடத்தக் கூடாது.

இந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? சரிபார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் சோதனை ஒன்று உண்டு: மொழிபெயர்த்த பிறகு ஒவ்வொரு எண்ணும் அதன் வரம்புக்குள் இருக்கிறதா, நட்சத்திரக் குறி உள்ள இடங்களில் மட்டும் வெளியே இருக்கிறதா என்று பார்ப்பது. நல்ல சோதனைதான், தட்டச்சுப் பிழைகளை உடனே பிடிக்கும். இங்கே அது உதவவில்லை. 38 என்பது 17-க்கும் 43-க்கும் இடையில் இருக்கிறது, நட்சத்திரமும் இல்லை. எண்ணும் வரம்பும் சேர்ந்தே தவறான பெயருக்குக் கீழே போய்விட்டதால், உள்ளுக்குள் எல்லாம் பொருந்தித்தான் நிற்கும்.

பிடிக்கக்கூடிய சோதனை வேறு. அறிக்கையில் உள்ள வரம்பை, நாம் எழுதப்போகும் ஆங்கிலப் பெயருக்கு அந்த நாட்டில் வழங்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். 17–43 ஒரு பக்கம், 7–20 மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரம்பு கொஞ்சம் மாறும், கருவி மாறினால் மாறும். ஆனால் இரண்டு எல்லையும் ஏறக்குறைய ஒரே மடங்கில் விலகினால் அது ஆய்வக வேறுபாடு இல்லை. வேறு பொருளையோ வேறு அலகையோ பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். குறிப்பு வரம்பு என்பது அந்த வரியின் கைரேகை மாதிரி. பெயர் தெளிவில்லாத போதும், அலகு அழிந்திருந்தாலும், அளந்த பொருள் என்ன, அலகு என்ன என்பதை அது காட்டிக்கொடுக்கும். சில இத்தாலிய ஆய்வகங்கள் உண்மையிலேயே யூரியா நைட்ரஜனைத் தருகின்றன. அங்கே வரம்பும் 20 பக்கத்தில் முடியும். ஆகவே அகராதியைப் பார்த்து முடிவு செய்வதைவிட வரம்பைப் பார்த்து முடிவு செய்வதே சரி.

அலகை மட்டும் மாற்றிய வரி

அதே ஒப்பீடுதான் தைராய்டு வரியையும் பிடித்தது. எஃப்டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவை இத்தாலியில் மில்லிலிட்டருக்கு இத்தனை பைகோகிராம் என்று தருவது சாதாரணம். அமெரிக்காவில் டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம். டெசிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது மில்லிலிட்டருக்குப் பத்து பைகோகிராம். 11.2 பைகோகிராம் என்றால் அமெரிக்க அலகில் 1.12. வரைவில் அலகை அமெரிக்கப்படுத்திவிட்டு எண்ணை அப்படியே விட்டிருந்தார்கள். எஃப்டி4 11.2 என்று ஆனது. அது தைராய்டு மிகக் கடுமையாகப் பொங்கியிருக்கும் நிலை.

இங்கே மருத்துவருக்கே சந்தேகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எஃப்டி4 அவ்வளவு ஏறினால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் ஏறக்குறைய இல்லாமல் போக வேண்டும். இங்கே டிஎஸ்எச் 3.12, நடுத்தரமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் மொழிபெயர்ப்பின் மேல் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மறுபடி இரத்தம் எடு, அரிய நோயா பார் என்று நோயாளியின் பக்கம்தான் முதலில் திரும்பும். இன்னொரு ஆபத்தும் உண்டு. புதிய மருத்துவமனையில் பழைய எண்களைக் கணினியில் ஏற்றும்போது மூல வரம்பைச் சேர்க்காமல் எண்ணை மட்டும் ஏற்றிவிடுவதுண்டு. நாம் பத்திரமாகக் கொண்டுவந்த 9.3–17.0 என்ற வரம்பு அங்கே கழன்று போய்விடும். அப்புறம் 11.2 தனியாக நிற்கும்.

அதனால் என் நடைமுறை இது: அட்டவணைக்குள் மூல எண்ணும் மூல அலகும் மட்டுமே இருக்கும். மாற்றிய அளவு தேவைப்பட்டால் அந்த வரிக்குக் கீழே, சதுர அடைப்புக்குள், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்ற அடையாளத்தோடு வரும். அந்தக் குறிப்பில் எண்ணை மாற்றினால் வரம்பையும் மாற்றியே தீர வேண்டும். எல்லா வரிக்கும் இப்படிக் குறிப்பு எழுதுவதை நான் விரும்பவில்லை. தாள் நிரம்பி, முக்கியமான குறிப்பு கண்ணில் படாமல் போகும். தவறாக வாசிக்கப்படும் ஆபத்து உள்ள வரிகளுக்கு மட்டும் போதும். இந்த அறிக்கையில் அப்படி மூன்று: யூரியா, எஃப்டி4, எச்பிஏ1சி.

எச்பிஏ1சி: வரம்பை மாற்றினால் நோயும் மாறும்

இத்தாலியில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை ஒரு மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்று தருகிறார்கள். அமெரிக்காவில் சதவீதம். இரண்டுக்கும் நடுவே வெறும் பெருக்கல் போதாது, ஒரு கூட்டலும் வேண்டும்:

```
HbA1c (%) = 0.09148 × HbA1c (mmol/mol) + 2.152
```

41 என்பது 5.9 சதவீதம். ஆய்வகம் தந்த 20–42 என்ற வரம்பு 4.0–6.0 சதவீதம். அதாவது பொலோனியா ஆய்வகத்தின் கணக்கில் இவர் வரம்புக்குள் இருக்கிறார், நட்சத்திரம் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோலில் 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. அங்கே இதே 5.9 வரம்பைத் தாண்டிய எண்.

வரைவில் இந்த வரி சரியாகவே இருந்தது, மூல எண், மூல அலகு, மூல வரம்பு. ஆனால் கூட வந்த குறிப்பில் நிறுவனத்தின் வேண்டுகோள் ஒன்று இருந்தது: அமெரிக்க வாசகருக்கு வசதியாக அமெரிக்க வரம்பைப் போட முடியுமா? முடியாது என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவர் இந்த எண்ணை இயல்பு என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்க வரம்பைப் பக்கத்தில் வைத்தால், அவர் சொல்லாத ஒரு முடிவை அவர் பெயரில் நாம் சொல்லிவிடுகிறோம். எந்த அளவுகோலைப் பொருத்துவது என்பது பாஸ்டன் மருத்துவரின் வேலை. அதற்கு அவருக்குத் தேவையான இரண்டையும் குறிப்பு தருகிறது: 5.9 என்ற எண், அந்த ஆய்வகம் 6.0 வரை இயல்பாகக் கொண்டது என்ற தகவல்.

இதே காரணத்தால்தான் நட்சத்திரத்தையும் நட்சத்திரமாகவே விடுகிறேன். அமெரிக்க அறிக்கைகளில் வருவதுபோல உயர்வு, தாழ்வு என்ற எழுத்துக் குறியாக மாற்றுவதில்லை. பக்கத்தின் அடியில் அதன் பொருளை விளக்கும் வரி மூலத்திலேயே இருக்கிறது, அதை மொழிபெயர்த்தால் போதும்.

புள்ளியும் காற்புள்ளியும்

இத்தாலியில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. ஆங்கிலத்தில் நேர்மாறு. வரைவாளர் கோப்பு முழுவதிலும் காற்புள்ளியை எல்லாம் ஒரே கட்டளையில் புள்ளியாக மாற்றியிருக்கிறார். 11,4 என்பது 11.4 ஆனது, சரி. ஆனால் 6.840 வெள்ளணுக்கள் அப்படியே நின்றன. ஒரு கன மில்லிமீட்டருக்கு ஆறே முக்கால் சொச்சம் அணுக்கள் என்று ஆங்கிலத்தில் ஆகிறது. எந்த மருத்துவரும் அப்படி நம்பமாட்டார், ஆனால் கணினியில் ஏற்றுபவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. திருத்தத்தில் 6,840 என்றும் 234,000 என்றும் எழுதினேன். `mmc` என்பது கன மில்லிமீட்டர்.

எதிர்த்திசையில் ஒரு பொறி கடைசி வரியில் இருக்கிறது. சிறுநீரின் ஒப்படர்த்தி 1.018. இங்கே உள்ள புள்ளி ஆயிரப் புள்ளி அல்ல, தசமப் புள்ளியேதான். தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி ஒன்றுக்குச் சற்று மேலேதான் இருக்க முடியும். இத்தாலிய அறிக்கையிலும் அந்த ஒரு வரியை இப்படிப் புள்ளியோடு அச்சிடும் வழக்கம் உண்டு. புள்ளிகளை எல்லாம் காற்புள்ளியாக மாற்றும் இன்னொரு கட்டளையைக் கொடுத்திருந்தால் இது 1,018 ஆகியிருக்கும். ஒரே கட்டளையில் முடிக்கிற வேலை இல்லை இது. ஒவ்வொரு எண்ணையும் அதன் பொருளைத் தெரிந்துகொண்டு தொட வேண்டும்.

கடைசிப் பூச்சியத்தையும் விடக் கூடாது. 12,0 என்பது 12.0 ஆக வேண்டும், 12 ஆக அல்ல. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட தவிர்க்க வேண்டிய குறியீடுகள் பட்டியலில் தசமத்துக்குப் பின்னால் வரும் வெற்றுப் பூச்சியம் இருக்கிறது. அதைக் காட்டிப் பூச்சியத்தை அழிக்கச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியலே ஆய்வக முடிவுகளுக்கு விலக்கு அளிக்கிறது, ஏனென்றால் அங்கே பூச்சியம் அளவீட்டின் துல்லியத்தைக் காட்டுகிறது. தடை மருந்துச் சீட்டுக்கானது.

அலகு இல்லாத வரி

இத்தாலிய அறிக்கையில் பிசிஆர் என்றால் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம். ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் சிஆர்பி. பிசிஆர் என்றே விட்டால் கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லாரும் கிருமிக்கான மரபணுப் பரிசோதனை என்றுதான் வாசிப்பார்கள். பெயரைத் திருத்துவது சுலபம். அலகுதான் சிக்கல். எனக்கு வந்த நகலில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வரைவாளர் லிட்டருக்கு மில்லிகிராம் என்று நிரப்பியிருந்தார்.

வரம்பு 0.50 வரை என்கிறது. லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும் ஆய்வகங்களில் வழக்கமான மேல் எல்லை 5. டெசிலிட்டருக்கு என்றால் அது 0.5. எனவே இங்கே அலகு டெசிலிட்டருக்கு மில்லிகிராமாக இருக்க வேண்டும். எனக்கு உறுதியாகத் தோன்றினாலும் அதை எழுதிவிடவில்லை. வரம்பு துப்புக் கொடுக்கும், மூலத்தில் இல்லாததை எழுத அனுமதி கொடுக்காது. நல்ல நகல் கேட்டேன், நோயாளியின் மகள் மூலக் கோப்பையே அனுப்பினார். அதில் அலகு இருந்தது, டெசிலிட்டருக்கு மில்லிகிராம். நகலெடுத்தபோது அழிந்திருக்கிறது. கிடைக்காமல் போயிருந்தால் அலகு குறிப்பிடப்படவில்லை என்று சதுர அடைப்புக்குள் எழுதி விட்டிருப்பேன்.

அதே வரியில் இன்னொன்று. மூலத்தில் இருப்பது 0.50 வரை. வரைவில் 0.50-க்குக் குறைவு என்ற குறி போட்டிருந்தார்கள். எண் சரியாக 0.50 ஆக வந்தால் ஒன்றில் இயல்பு, மற்றதில் மீறல். ஆகவே அது சமக்குறியோடு சேர்ந்த குறியாக வேண்டும், அல்லது சொல்லாகவே எழுத வேண்டும். நான் சொல்லாக எழுதினேன்.

மற்ற குறிகளில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. `U` என்பது ஆண்கள், `D` என்பது பெண்கள். வரைவில் அவை அப்படியே விடப்பட்டிருந்தன, ஆங்கில வாசகர் அலகு என்றோ சிறுநீர் என்றோ குழம்புவார். `UI` என்பது சர்வதேச அலகு, ஆங்கிலத்தில் எழுத்து இடம் மாறும். மாதிரி எடுத்த தேதி 04/03/2024 என்று இருந்தது. அமெரிக்காவில் அது ஏப்ரல் 3. மாதப் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை.

திருத்திய வரிகள்:

```
White blood cells   6,840    /mm³      4,000–10,000
Hemoglobin          11.4 *   g/dL      Men: 13.0–17.0  Women: 12.0–16.0
Urea                38       mg/dL     17–43
  [Translator's note: "Azotemia" in the original. Equivalent to
  urea nitrogen (BUN) approx. 17.7 mg/dL; laboratory's range
  approx. 7.9–20.1 mg/dL.]
C-reactive protein  0.38     mg/dL     up to 0.50
FT4                 11.2     pg/mL     9.3–17.0
  [Translator's note: equivalent to 1.12 ng/dL;
  laboratory's range 0.93–1.70 ng/dL.]
HbA1c               41       mmol/mol  20–42
  [Translator's note: equivalent to 5.9%;
  laboratory's range approx. 4.0–6.0%.]
```

மாற்றவே முடியாத வரி

கோதுமையில் உள்ள குளுட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் வரியில் வரம்பு ஒன்றல்ல, மூன்று அடுக்கு: 7-க்குக் கீழே எதிர்மறை, 7 முதல் 10 வரை முடிவு சொல்ல முடியாதது, 10-க்கு மேலே நேர்மறை. நடு அடுக்குக்கு இத்தாலியச் சொல் சந்தேகம் என்ற பொருளில் இருந்தாலும், ஆங்கில ஆய்வக வழக்கில் அதற்கு `equivocal` என்பதே நிலைத்த சொல். மூன்று அடுக்கையும் அப்படியே கொண்டுவர வேண்டும். 7-க்குக் கீழே என்று மட்டும் எழுதிச் சுருக்கினால் நடு அடுக்கு மறைந்து, 8 என்று வரும் முடிவு நேர்மறையாகத் தோன்றும்.

இந்த வரிக்கு மாற்றுக் குறிப்பு எழுதச் சொல்லி நிறுவனம் கேட்டிருந்தது, மற்ற வரிகளுக்கு எழுதியதைப் பார்த்துவிட்டு. எழுத வழியில்லை. இங்கே மில்லிலிட்டருக்கு இத்தனை யூனிட் என்பது பரிசோதனைப் பெட்டியைத் தயாரித்த நிறுவனம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அளவு. வேறொரு நிறுவனத்தின் பெட்டியில் எல்லை 20 ஆக இருக்கலாம், அதிலும் அலகின் பெயர் யூனிட்தான். இரண்டுக்கும் நடுவே சூத்திரம் கிடையாது. வாசகருக்கு உதவக்கூடியது அந்த வரிக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த பரிசோதனை முறையின் பெயர். வரைவில் அதை அலங்காரம் என்று நினைத்தோ என்னவோ விட்டுவிட்டிருந்தார்கள். அதை மீண்டும் சேர்த்தேன். பாஸ்டனில் அடுத்த முறை வேறு பெட்டியில் எடுத்து 4 என்று வந்தால், 0.6-இலிருந்து ஏறிவிட்டது என்று யாரும் எண்ணாமல் இருக்க அந்த ஒரு வரிதான் அவர்கள் கையில் இருக்கும்.